கடை கூடினால் கூட்டம் கூடுமா? மதச் சந்தைக் கோட்பாடு பற்றி ஒரு கேள்வி

வடகரை, 3 பிப்ரவரி 2024, இரவு 9.40

முதுகலைச் சமூகவியல், இரண்டாம் ஆண்டு. 23ஆம் தேதி கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பு ‘மதச் சந்தையும் பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடும்’. விளக்கும் பகுதி முடிந்தது. விமர்சனப் பகுதிக்குத்தான் சரக்கு இல்லை, ஏனென்றால் எனக்கு அந்தக் கோட்பாடு சரி என்றே படுகிறது.

நான் புரிந்துகொண்டது இது. ஒரு தெருவில் ஒரே இட்லிக் கடை இருந்தால் ஆறிப்போன இட்லியும் விற்கும். நாலு கடை வந்தால் நாலு பேரும் சட்னியில் கவனம் வைப்பார்கள், தெருவில் வெளியே சாப்பிடுகிறவர்களும் கூடுவார்கள். மதமும் அப்படித்தான் என்கிறார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோட்னி ஸ்டார்க், ரோஜர் ஃபிங்கி, லாரன்ஸ் ஐயனக்கோன் மூவரும். கடவுள் மீதான தேவை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபடுவது அதைக் கொண்டுவந்து தருகிறவர்களின் உழைப்பு. அரசாங்கம் ஒரே திருச்சபைக்குச் சம்பளம் கொடுத்தால் அதன் குருமார் சோம்பிப் போவார்கள். பல சபைகள் போட்டி போட்டால் கூட்டம் கூடும். 1776லேயே ஆடம் ஸ்மித் இதற்கு அடிப்போட்டு எழுதியிருக்கிறார்.

இதில் எங்கே ஓட்டை?

தேர்முட்டி, 3 பிப்ரவரி, இரவு 10.15

தலைப்பே இடிக்கிறதே. பகுத்தறிவு இருந்தால் எந்தக் கடைக்கும் போகமாட்டான். ஈரோட்டில் பிறந்தவன் நான். தாத்தா சாகும்வரை கருப்புச் சட்டைதான். பகுத்தறிவோடு மதத்தைத் தேர்ந்தெடுப்பது என்று எழுதினால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

வடகரை, 4 பிப்ரவரி, காலை 7.05

உங்கள் தாத்தாவின் சொல் வேறு, இந்தச் சொல் வேறு. இவர்கள் கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே வருவதில்லை. மனிதர்கள் செலவையும் வரவையும் எடைபோட்டு முடிவெடுக்கிறார்கள், மதத்திலும் அப்படித்தான் என்பது மட்டுமே வாதம். நேற்றுப் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரில் ‘பகுத்தறிவு’ என்று போட்டால் வகுப்பில் பாதிப் பேர் நீங்கள் நினைத்த மாதிரிதான் நினைப்பார்கள். ‘கணக்குப் பார்த்துத் தேர்தல்’ என்று மாற்றிவிடுகிறேன்.

தேர்முட்டி, 4 பிப்ரவரி, காலை 7.30

சரி, கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டுச் சாமியை யார் கணக்குப் பார்த்தார்கள்?

சாமானியன், 4 பிப்ரவரி, மாலை 6.20

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவில் அரசு மதம் இல்லை, தேவாலயங்களில் கூட்டம் அதிகம். சுவீடனில் 2000 வரைக்கும் அரசுத் திருச்சபை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு காலி. ஃபிங்கியும் ஸ்டார்க்கும் போட்ட கணக்குப்படி 1776இல் அமெரிக்கர்களில் 17 விழுக்காடுதான் ஏதோ ஒரு சபையில் உறுப்பினர், 1980இல் 62 விழுக்காடு. மெதடிஸ்ட்கள் 1776இல் மொத்த உறுப்பினர்களில் 2.5 விழுக்காடு, 1850இல் 34.2. அரசு ஆதரவில் உட்கார்ந்திருந்த காங்கிரிகேஷனல் சபை அதே காலத்தில் 20.4இலிருந்து 4க்கு இறங்கியது. குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போன போதகர் ஜெயித்தார், வரிப்பணத்தில் சம்பளம் வாங்கியவர் தோற்றார். வழக்கு முடிந்தது.

வடகரை, 4 பிப்ரவரி, இரவு 8.50

இதே எண்கள் என் மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன, நன்றி. இதைவிடப் பலமான ஆதாரம் 1988இல் அதே இருவரும் எழுதிய கட்டுரை என்று நினைக்கிறேன். அமெரிக்க அரசு 1906இல் எடுத்த மத அமைப்புகள் கணக்கெடுப்பிலிருந்து 150 பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டார்கள். எந்த நகரத்தில் சபைகள் பலவாகப் பிரிந்திருந்தனவோ அங்கே மத உறுப்பினர் விகிதமும் கூடுதல் என்று காட்டினார்கள். பரந்த நாடு, ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு. கட்டுரையின் நடுத்தூணாக இதைத்தான் வைத்திருக்கிறேன்.

தராசு, 5 பிப்ரவரி, காலை 5.50

இரண்டு பேருக்கும்.

சாமானியன், 1776ஐயும் 1980ஐயும் அப்படியே ஒப்பிடாதீர்கள். காலனிக் காலத்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் சபை உறுப்பினர் ஆக மனமாற்ற அனுபவத்தைச் சபைமுன் சொல்ல வேண்டியிருந்த இடங்கள் உண்டு. ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் உறுப்பினரே அல்ல. பின்னாளில் உறுப்பினர் ஆவது எளிதானது. ஏறியதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு பதிவேடு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் போலந்து, அயர்லாந்து இரண்டையும் மறந்துவிட்டீர்கள். ஒரே திருச்சபை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கோயில் நிறையக் கூட்டம்.

வடகரை, ஒரு வேலை சொல்கிறேன். சபைகள் பலவாகப் பிரிந்திருக்கின்றன என்பதை அவர்கள் எந்த எண்ணால் அளந்தார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணை உங்கள் கையாலேயே கணக்கிடுங்கள், கணினி வேண்டாம். நூறு பேர் உள்ள நாலு ஊர் போதும். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் மூன்று பேரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஊரில் கத்தோலிக்கரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த இரண்டில் கத்தோலிக்கரைத் தொடாமல் மற்றவர்களை மாற்றுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள்.

சாமானியன், 5 பிப்ரவரி, காலை 9.10

போலந்து கணக்கில் வராது. ரஷ்யாவை எதிர்க்க மக்கள் திருச்சபைக்குள் திரண்டார்கள், ஸ்டார்க்கே அப்படித்தான் விளக்குகிறார். அயர்லாந்துக்கு இங்கிலாந்து.

தராசு, 5 பிப்ரவரி, காலை 9.25

அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்போது கூட்டத்தைக் கூட்டுவது போட்டி அல்ல, அடையாளப் பகை. எங்கே போட்டி, எங்கே பகை என்று முன்கூட்டியே சொல்லும் விதி உங்களிடம் வேண்டும்.

மணிக்கூண்டு, 6 பிப்ரவரி, மதியம் 1.15

எனக்கு எண்கள் தெரியாது. என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன், பொருந்துமா பாருங்கள்.

எங்கள் வீடு மூன்று தலைமுறையாகப் பழைய மிஷன் கோயில். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், சாவு என்று போவோம். பெரியம்மா நாற்பத்தைந்து வயதில் பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். தோடு, வளையல், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்தார். சினிமா கிடையாது, டிவி கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை வீட்டுக் கூட்டம், ஞாயிறு காலை தொடங்கினால் மதியம்வரை. காணிக்கை பத்தில் ஒன்று. கணக்குப் பார்க்கிறவர் மலிவான கடைக்குத்தானே போக வேண்டும்? பழைய கோயில் கிட்டத்தட்ட இலவசம். அவர் விலை கூடின கடைக்குப் போனார்.

வடகரை, 6 பிப்ரவரி, இரவு 9.00

மணிக்கூண்டு, உங்கள் பெரியம்மாவைப் போன்றவர்களுக்காகவே ஐயனக்கோன் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்டிப்பான சபைகள் ஏன் பலமாக இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அவர் பதிலில் எனக்குப் பிடித்தது அந்த ஓசிச் சவாரி. பாட்டு, ஜெபம், உதவி எல்லாம் பத்துப் பேர் உழைத்து உண்டாகிறவை. உழைக்காமல் வந்து உட்கார்ந்து அனுபவிக்கிறவர்கள் கூடினால் எல்லாருக்கும் சுவை குறைந்துவிடும். நகையைக் கழற்று, சினிமாவை விடு என்று வாசலிலேயே விலை வைத்தால் அரைமனதுக்காரர் உள்ளே வரமாட்டார். வந்தவர்கள் எல்லாரும் முழுமனதோடு இருப்பார்கள். அதனால் உள்ளே கிடைப்பது கொடுத்த விலையைவிடப் பெரிதாகிவிடும்.

மணிக்கூண்டு, 6 பிப்ரவரி, இரவு 9.40

வந்தவர்கள் முழுமனதோடு இருந்தார்கள் என்பது உண்மைதான். பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபை ஆட்கள் முறை வைத்துப் பதினோரு இரவு உடனிருந்தார்கள். பழைய கோயிலிலிருந்து ஒருவர் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அவர் நகையைக் கழற்றியது அதற்கு மூன்று வருஷம் முன்னால். பெரியப்பாவுக்கு நோய் வரும் என்று கணக்குப் போட்டா கழற்றினார்? ஒருநாள் ஜெபத்தில் அழுதேன், மறுநாள் காதில் தோடு கனத்தது என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

தராசு, 7 பிப்ரவரி, காலை 6.00

இந்த ஒரு பத்தி உங்கள் கட்டுரையில் இருக்க வேண்டும், வடகரை. பதினோரு இரவைப் பார்த்ததும் ‘அதுதான் ஆதாயம்’ என்று எழுதிவிடலாம். அது நடந்திராவிட்டால் மனநிம்மதி ஆதாயம் என்பார்கள். அதுவும் இல்லையென்றால் மறுமை. முடிவைப் பார்த்துவிட்டு ஆதாயத்துக்குப் பெயர் வைத்தால் தோற்கவே முடியாத கோட்பாடு கிடைக்கும். நான் அதை நம்பமாட்டேன். ஓசிச் சவாரி வாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண்டிப்பைக் கூட்டினால் அரைமனதுக்காரர் குறைவார் என்று அது முன்கூட்டியே சொல்கிறது, அதைச் சோதிக்கலாம். அளவுக்கு மீறிக் கண்டித்தால் சபையே கரையும் என்றும் ஐயனக்கோன் சொல்லியிருக்கிறார்.

நாலு ஊர் என்ன ஆயிற்று?

வடகரை, 9 பிப்ரவரி, இரவு 11.55

ஆயிற்று. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

சபைகள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று அளக்கும் அந்தப் பன்மை எண் எளிமையானதுதான். மத உறுப்பினர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு சபைக்கும் அவர்களில் எத்தனை பங்கு என்று பின்னமாக எழுதி, அதை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

```
1 - (p1² + p2² + p3²)
```

எல்லாரும் ஒரே சபை என்றால் பூஜ்யம். சமமாகப் பல சபைகளாகப் பிரிந்தால் ஒன்றை நோக்கி ஏறும்.

முதல் ஊர். நூறு பேரில் கத்தோலிக்கர் 50, மெதடிஸ்ட் 10, பாப்டிஸ்ட் 10. மொத்த உறுப்பினர் 70. பன்மை எண் 0.45.

இரண்டாம் ஊர். கத்தோலிக்கர் 20, மற்ற இருவரும் அதே 10, 10. மொத்தம் 40. பன்மை எண் 0.63.

பன்மை ஏறியது, உறுப்பினர் இறங்கியது. போட்டி மதத்தைக் கெடுக்கிறது என்று இதை வைத்து ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நான் செய்தது கத்தோலிக்கரில் முப்பது பேரை அழித்தது மட்டும்தான். யாரும் யாரோடும் போட்டி போடவில்லை.

மூன்றாம் ஊர். கத்தோலிக்கர் 30, மற்றவர்கள் 5, 5. மொத்தம் 40. பன்மை எண் 0.41.

நான்காம் ஊர். கத்தோலிக்கர் அதே 30, மற்றவர்கள் 20, 20. மொத்தம் 70. பன்மை எண் 0.65.

இப்போது பன்மையும் ஏறியது, உறுப்பினரும் ஏறியது. ஸ்டார்க்கின் கோட்பாடு ஜெயித்துவிட்டது. இங்கேயும் நான் செய்தது கூட்டல் மட்டும்தான்.

பெரிய சபை ஊருக்கு ஊர் அதிகம் மாறினால் எதிர்மறை உறவு தானாக வருகிறது. சின்னச் சபைகள் அதிகம் மாறினால் நேர்மறை தானாக வருகிறது. பன்மை எண்ணும் உறுப்பினர் விகிதமும் ஒரே தலைக்கணக்கிலிருந்து செய்தவை என்பதால் இப்படி. என் நடுத்தூணை நானே அறுத்துவிட்டேன்.

தராசு, 10 பிப்ரவரி, காலை 5.45

நீங்கள் அறுக்கவில்லை. டேவிட் வோஸ், டேனியல் ஓல்சன், அலாஸ்டர் குரோக்கெட் மூவரும் 2002இல் அறுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மார்க் சேவ்ஸும் பிலிப் கோர்ஸ்கியும் 26 கட்டுரைகளில் வந்த 193 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பன்மை கூடினால் பங்கேற்பு கூடும் என்ற பொது விதிக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். சிலவற்றில் நேர்மறை, சிலவற்றில் எதிர்மறை, சிலவற்றில் ஒன்றுமில்லை. பதினைந்து வருஷம் இரண்டு கட்சியாகச் சண்டை. ஒரே எண் ஆளுக்கொரு விடை ஏன் தருகிறது என்பதற்கு உங்கள் நாலு ஊர்தான் விடை.

சாமானியன், 10 பிப்ரவரி, காலை 10.30

ஒரு நிமிஷம். மூன்றாம் ஊரிலிருந்து நான்காம் ஊருக்கு மெதடிஸ்ட் ஐந்திலிருந்து இருபது ஆனாரே, அது போட்டியால் வந்த உழைப்பின் பலனாக இருக்கக் கூடாதா? நீங்கள் கூட்டல் என்கிறீர்கள், நான் குதிரைப் போதகர் என்கிறேன்.

தராசு, 10 பிப்ரவரி, காலை 10.50

இருக்கலாம். மினசோட்டாவில் லூத்தரன்கள் பெருகியது போல, வேறு நாட்டிலிருந்து அந்தச் சபை ஆட்களே கப்பலேறி வந்து குடியேறியும் இருக்கலாம். இரண்டு கதைக்கும் அந்த எண் ஒரே மதிப்பைத்தான் தரும். எந்தக் கதை என்று அதனால் சொல்ல முடியாது என்பதுதான் குறை. உங்கள் கதை பொய் என்று நான் சொல்லவில்லை.

வடகரை, 11 பிப்ரவரி, மாலை 4.30

9ஆம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, இதைக் கண்டுபிடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

1988 கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். வெறுமனே பார்த்தால் அந்த 150 நகரங்களில் பன்மைக்கும் உறுப்பினர் விகிதத்துக்கும் உறவு எதிர்மறையாகத்தான் வருகிறது. கத்தோலிக்கர் விழுக்காட்டைச் சமன்பாட்டில் சேர்த்து அதை நிலையாகப் பிடித்த பிறகே நேர்மறை ஆகிறது. முதல் முறை படித்தபோது இதை ஒரு நுட்பச் சரிசெய்தல் என்று தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது என் ஊர்களோடு வைத்துப் பாருங்கள். 1906இல் வடகிழக்கு நகரங்களில் கத்தோலிக்கர் ஏராளம், தெற்கே மிகக் குறைவு. ஊருக்கு ஊர் அதிகம் மாறிய பெரிய சபை அவர்கள்தான், எனவே எதிர்மறை. அது முதல் இரண்டு ஊர். கத்தோலிக்கரை நிலையாகப் பிடித்துவிட்டால் மாறுவதற்கு மிஞ்சுவது சின்னச் சபைகள் மட்டும், எனவே நேர்மறை. அது மூன்றாம், நான்காம் ஊர். குறி மாறியதற்குச் சந்தை எதுவும் தேவைப்படவில்லை.

கத்தோலிக்கத்தைத் தனியாகப் பிடிக்க நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து நகரங்களில் ஐரிஷ் பங்கு, போலிஷ் பங்கு, இத்தாலியப் பங்கு, ஜெர்மன் பங்கு என்று தனித்தனிக் கோயில்கள் இருந்தன. வெளியிலிருந்து ஒரே சபையாகத் தெரிந்தாலும் உள்ளே பல கடைகள். அந்தப் பன்மையை இந்த எண் பார்ப்பதே இல்லை.

மணிக்கூண்டு, 11 பிப்ரவரி, மாலை 5.10

நீங்கள் பங்கு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் பங்குச் சாமியார் இருக்கும் கோயில். கணக்கில் வரும் பங்கு வேறு. வகுப்பில் குழம்பும்.

வடகரை, 11 பிப்ரவரி, மாலை 5.20

சரி, கணக்கில் வருவதைப் ‘பின்னம்’ என்று மாற்றிவிடுகிறேன்.

தேர்முட்டி, 14 பிப்ரவரி, இரவு 10.00

நாலு ஊர் எனக்குப் புரிந்தது, என் பேத்திக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பிறந்த வீட்டுச் சாமி பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வடகரை, 15 பிப்ரவரி, காலை 6.40

மன்னிக்கவும் ஐயா. அவர்கள் பதில் இது: சிறுவயதில் கற்ற பாட்டு, மந்திரம், பண்டிகை, உறவு எல்லாம் ஒருவகை முதலீடு. வேறு மதத்துக்குப் போனால் அந்த முதல் வீணாகும். அதனால் பிறந்த மதத்திலேயே இருப்பதும் கணக்குத்தான். எழுதும்போதே எனக்குத் திருப்தி இல்லை. பிள்ளையை எந்தக் கோயிலுக்குத் தூக்கிப்போவது என்று முடிவுசெய்தது பெற்றோர், அவர்களுக்கு அவர்கள் பெற்றோர். அமெரிக்காவில் ஒரு ப்ராட்டஸ்டன்ட் சபையிலிருந்து பக்கத்துச் சபைக்கு மாறுவது வீடு மாறுவதைப் போல நடக்கிறது, அங்கே பிறந்த கோட்பாடு இது. மதம் மாறினால் சொந்தம், சாதி, சுடுகாடு எல்லாம் மாறும் இடத்தில் ‘கடை மாற்றுவது’ என்ற சொல்லே பொருந்துமா என்று தெரியவில்லை.

தேர்முட்டி, 15 பிப்ரவரி, காலை 7.15

என் தாத்தா அந்த முதலீட்டை மொத்தமாக எரித்தவர். அவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

வடகரை, 23 பிப்ரவரி, இரவு 8.30

வாசித்தேன். நாற்பது நிமிடம் என்றார்கள், ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. நாலு ஊரையும் கரும்பலகையில் எழுதினேன். இரண்டாம் ஊருக்கு விடை எழுதியதும் முன்வரிசையில் ஒரு பையன் “மிச்சம் முப்பது பேர் எங்கே போனார்கள்?” என்று கேட்டான். அதுதான் சரியான கேள்வி என்று அவனிடம் சொன்னேன். செத்தார்களா, ஊரைவிட்டுப் போனார்களா, நம்பிக்கை இழந்தார்களா, அந்த எண்ணுக்குத் தெரியாது.

பேராசிரியர் ஒன்று கேட்டார், திணறினேன். “அளவுகோல் உடைந்தது சரி. அதனால் கோட்பாடு பொய்யா?” இல்லை என்றேன். 1988 முடிவு ஆதாரமாக நிற்காது, அதே முறையில் எதிர்ப்பக்கம் காட்டியவர்களின் முடிவும் நிற்காது. சந்தைக்காரர்களை மறுக்க அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருந்த என் பழைய பத்தியையும் நேற்றிரவே எடுத்துவிட்டேன்.

சாமானியன், 23 பிப்ரவரி, இரவு 9.15

அப்படியானால் சமநிலை. நான் இன்னும் குதிரைப் போதகர் பக்கம்தான்.

தராசு, 24 பிப்ரவரி, காலை 6.10

அங்கேயே இருங்கள், ஆனால் வேறு ஆதாரம் தேடுங்கள். எத்தனை சபை என்று எண்ணுவதற்குப் பதில் அரசு எவ்வளவு தலையிடுகிறது என்று அளக்கலாம். சேவ்ஸும் டேவிட் கேனும் 1992இலேயே அந்தப் பக்கம் போனார்கள். அல்லது ஒரே இடத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்க்கலாம். அமெரிக்க மாநிலங்களில் கனெக்டிகட் 1818இல் அரசுத் திருச்சபையைக் கைவிட்டது, மாசசூசெட்ஸ் 1833இல். பூட்டு திறந்த தேதி தெரியும் இடங்கள்.

வடகரை, 2 மார்ச், இரவு 10.20

ஆய்வேட்டுக்கு மாசசூசெட்ஸையே எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிக்கல் ஏற்கெனவே தெரிகிறது. 1833க்கு வெகு முன்பே பாப்டிஸ்ட்களும் மெதடிஸ்ட்களும் அங்கே வளர்ந்துகொண்டிருந்தார்கள், அரசுத் திருச்சபைக்கு வரி கட்ட மறுத்து வழக்காடியவர்களில் பாப்டிஸ்ட்கள் முன்னணியில் இருந்தார்கள். அப்படியென்றால் பூட்டைத் திறந்ததால் கூட்டம் வந்ததா, கூட்டம் வந்து பூட்டைத் திறந்ததா? ஊர்வாரியாக ஞானஸ்நானப் பதிவேடும் வரிப் பதிவேடும் கிடைத்தால்தான் மேலே போக முடியும்.

மணிக்கூண்டு, பெரியம்மாவின் தோடு கனத்த பத்தியைப் பெயரில்லாமல் சேர்த்துக்கொள்ளலாமா? அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

மணிக்கூண்டு, 3 மார்ச், காலை 8.00

கேட்டேன். சேர்த்துக்கொள்ளட்டும் என்றார். ‘கனத்தது’ என்றே எழுதச் சொன்னார், ‘தேர்ந்தெடுத்தார்’ என்று எழுத வேண்டாமாம்.